ஈ.கோலை வளர்ந்திருக்கிறது, 186 வந்திருக்கிறது: ஒரு மல ரிப்போர்ட்டைப் படித்தல்

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றின் பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் 28 வயது இளைஞர் ஒருவரை வைத்துக்கொள்வோம். இன்னார் என்று சுட்ட முடியாது. குடல்நோய் மருத்துவர்களின் அறையில் வந்து உட்காரும் பலரின் விவரங்களைக் கூட்டிச் செய்த மாதிரி நோயாளி இவர். இரண்டு மாதமாக நாளுக்கு நாலைந்து தடவை பேதி போகிறது. மலத்தில் அவ்வப்போது சளி தெரிகிறது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வலப்பக்க அடிவயிற்றில் பிசைகிற மாதிரி வலி. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக்கை மூன்று நாள் விழுங்கிப் பார்த்தார், பலன் இல்லை. மூட்டை தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டதால் மூன்று வாரமாக டைக்ளோஃபெனாக் வலி மாத்திரையும் ஓடிக்கொண்டிருக்கிறது.

லேப் ரிப்போர்ட் இப்போது கையில் இருக்கிறது. நுண்ணோக்கியில் சீழ் செல்கள் 8 முதல் 10. புழு முட்டையோ அமீபாவோ இல்லை. அக்கல்ட் பிளட், அதாவது கண்ணுக்குத் தெரியாத ரத்தம், பாசிட்டிவ். கல்ச்சரில் ஈ.கோலை அடர்த்தியாக வளர்ந்திருக்கிறது. அதன் கீழே பதினான்கு ஆன்டிபயாடிக்குகளின் பெயர்ப் பட்டியல், எது கேட்கும் எது கேட்காது என்ற குறிப்போடு. கடைசிப் பக்கத்தில் கால்ப்ரொடெக்டின் 186 மைக்ரோகிராம்/கிராம். 50-க்குக் கீழே இயல்பு, 50 முதல் 200 வரை எல்லைக்கோடு, 200-க்கு மேல் அதிகம் என்று பக்கத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள்.

இதில் அவர் கண் போய் நிற்பது கல்ச்சரில்தான். எல்லோருக்கும் அங்கேதான் நிற்கும்.

“ஏனுங்க டாக்டர், கிருமி வளர்ந்திருக்குன்னு போட்டிருக்குதே. எந்த மருந்து கேக்கும்னும் அவங்களே எழுதிட்டாங்க. அதையே எழுதிக் குடுத்துட்டா ஆகாதுங்களா?”

“இந்தக் கிருமி உங்களுக்கு மட்டுமில்லீங்க, எனக்கும் இருக்குது. வெளியில டோக்கன் போட்டுட்டு உக்காந்திருக்கற அத்தனை பேருக்கும் இருக்குது.”

டாக்டர் சொல்வது ஆறுதலுக்காக அல்ல. தியோடர் எஷெரிச் என்ற ஜெர்மன்–ஆஸ்திரியக் குழந்தை மருத்துவர் 1885-ல் இந்தப் பாக்டீரியாவை முதன்முதலாக விவரித்ததே குழந்தைகளின் மலத்தை ஆராயும்போதுதான். அதனால்தான் பின்னால் அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். பெருங்குடலில் நிரந்தரமாகக் குடியிருக்கும் ஜீவராசி அது. மலத்தைத் தட்டில் வளர்த்தால் ஈ.கோலை வருவதில் வியப்பில்லை. வராவிட்டால்தான் ஏன் என்று யோசிக்க வேண்டும்.

லேபில் நடப்பதைப் பார்த்தால் இது தெளிவாகும். மலத்தில் துளியூண்டு எடுத்து மெக்கான்கி அகார் என்ற ஊடகம் ஊற்றிய தட்டில் இழுக்கிறார்கள். அதில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையும் ஒரு சாயமும் கலந்திருக்கும். லாக்டோஸைப் புளிக்கவைக்கும் ஈ.கோலை இளஞ்சிவப்புப் புள்ளிகளாக வளரும். சீதபேதி தரும் ஷிகெல்லாவும் டைபாய்டு குடும்பத்தைச் சேர்ந்த சால்மொனெல்லாவும் அதைப் புளிக்கவைக்காததால் நிறமற்று வெளிறிய புள்ளிகளாக நிற்கும். அனுபவமுள்ள டெக்னீஷியன் இளஞ்சிவப்புக் கூட்டத்தைத் தள்ளிவிட்டு, நடுவே வெளிறிய புள்ளி ஏதாவது தென்படுகிறதா என்றுதான் தேடுவார். கிடைத்தால் அதைத் தனியாக வளர்த்து உறுதிசெய்து, அதற்கு மருந்து உணர்திறன் பார்ப்பார். இதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். எதுவும் சிக்காவிட்டால் ‘நோய்க்கிருமிகள் வளரவில்லை’ என்றோ ‘இயல்பான குடல் பாக்டீரியாக்கள்’ என்றோ எழுதி முடிப்பார். ஒழுங்கான கல்ச்சர் ரிப்போர்ட் பெரும்பாலும் அந்த ஒரு வரிதான்.

சில இடங்களில் என்ன செய்கிறார்கள் என்றால், தட்டில் எது அதிகம் வளர்ந்ததோ அதையே பெயரெழுதி, அதற்கே மருந்துப் பட்டியலும் போட்டுவிடுகிறார்கள். சிறுநீர் கல்ச்சருக்கு இது சரியான முறை, ஏனென்றால் சிறுநீரில் பாக்டீரியா இருக்கக் கூடாது. மலத்துக்கு இது பொருந்தாது. பட்டியலைப் பார்த்த நோயாளி மருந்து கேட்கிறார். சில நேரம் அவசரத்தில் டாக்டரும் எழுதிவிடுகிறார். காரணமில்லாமல் விழுங்கும் அந்த ஆன்டிபயாடிக் குடலின் நல்ல பாக்டீரியாக்களை அழித்து, க்ளாஸ்ட்ரிடியாய்டீஸ் டிஃபிசில் என்ற வேறொரு தொல்லைக்காரக் கிருமிக்கு இடம்விட்டுப் போவதும் உண்டு.

பேதி உண்டாக்கும் ஈ.கோலை வகைகள் இல்லாமலில்லை. ஆனால் அவையும் தட்டில் சாதாரண ஈ.கோலை போலவே இருக்கும். நச்சு சுரக்கிறதா, அதற்கான மரபணு இருக்கிறதா என்று தனியாகப் பார்த்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும். அதிலும் ஒரு முரண் உண்டு. ஷிகா நச்சு சுரக்கும் வகையென்று தெரிந்தால் ஆன்டிபயாடிக்கைப் பொதுவாகத் தவிர்க்கத்தான் சொல்கிறார்கள். சிறுநீரகம் பழுதாகும் ஆபத்து கூடலாம் என்ற அச்சம் காரணம். ஆகவே வெறும் ‘ஈ.கோலை’ என்ற வரி, எப்படிப் பார்த்தாலும் மருந்துச் சீட்டாக மாறக் கூடியதல்ல.

கல்ச்சரில் நோய்க்கிருமி இல்லை என்று வந்தாலும் அதற்கொரு வரம்பு இருக்கிறது. லேப் எதைத் தேடியதோ அது இல்லை என்பது மட்டுமே பொருள். கேம்பிலோபேக்டர் என்ற பேதிக் கிருமி, ஆக்சிஜன் குறைந்த சூழலில், 42 டிகிரி வெப்பத்தில், தனி ஊடகத்தில்தான் நன்றாக வளரும். எல்லா லேபிலும் அதை வழக்கமாகப் பார்ப்பதில்லை. இந்த இளைஞர் முன்பே மூன்று நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருக்கிறார். இருந்த கிருமியும் தட்டில் வளராமல் போயிருக்கலாம். இன்னொன்று, காலம். பாக்டீரியா பேதி பெரும்பாலும் சில நாளில், மிஞ்சினால் இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். நாலு வாரத்துக்கு மேல் நீடிக்கும் பேதியில் சாதாரணக் கல்ச்சர் விடை சொல்வது அரிது. இவருக்கு இரண்டு மாதம் ஆகிவிட்டது.

மலத்தை எப்படிக் கொடுத்தார் என்பதும் ரிப்போர்ட்டில் வராத விஷயம். ஒரே டப்பாவில் கொடுத்தாலும் ஒவ்வொரு சோதனைக்கும் கெடு வேறு. பேதியாகப் போகும் மலத்தில் நகரும் அமீபாவைப் பார்க்க வேண்டுமென்றால் அரை மணி நேரத்துக்குள் நுண்ணோக்கிக்குப் போக வேண்டும். ஆறிப்போனால் அது அசைவற்று உருக்குலைந்துவிடும். கல்ச்சருக்கு இரண்டு மணி நேரம். தாமதமாகும் என்றால் கேரி–பிளேர் என்ற ஊடகம் உள்ள குழாயில் போட்டு அனுப்ப வேண்டும். கால்ப்ரொடெக்டின் மட்டும் தாக்குப்பிடிக்கும். அறை வெப்பத்தில் ஓரிரு நாள் இருந்தாலும் பெரிய சேதமில்லை, மூன்று நாளைத் தாண்டினால் அளவு குறையத் தொடங்கும். முதல் நாள் இரவே எடுத்து வைத்த டப்பாவை மறுநாள் பத்து மணிக்கு லேபில் கொடுத்தால், கால்ப்ரொடெக்டினை நம்பலாம், கல்ச்சரை நம்ப முடியாது. இந்தியக் கழிப்பறையில் சுத்தமான பிளாஸ்டிக் தாளையோ காகிதத்தையோ விரித்து, தண்ணீரும் சிறுநீரும் கலக்காமல், டப்பாவோடு வரும் சின்னக் கரண்டியால் எடுப்பதுதான் நடைமுறையில் எளிது. சளியோ ரத்தமோ தெரிந்தால் அந்தப் பகுதியிலிருந்து எடுக்க வேண்டும்.

அக்கல்ட் பிளட் வரிக்கு வருவோம். ‘பாசிட்டிவ்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் இரண்டு வேறு சோதனைகள் ஒளிந்திருக்கின்றன. பழைய முறை குவாயக் என்ற மரப் பிசினை வைத்துச் செய்வது. ஐசக் வான் டீன் என்ற டச்சு மருத்துவர் 1864-லேயே ரத்தக் கறையைக் கண்டுபிடிக்க இந்தப் பிசினைப் பயன்படுத்தினார். மலத்தைத் தடவிய தாளில் ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டதும், ரத்தத்தின் ஹீம் பொருள் இருந்தால் தாள் நீலமாகும். சிக்கல் என்னவென்றால், அந்த ஹீம் மனிதனுடையதா ஆட்டினுடையதா என்று பிசினுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறியோடு ரத்தப் பொரியலும் சாப்பிட்டுவிட்டுச் செவ்வாய்க்கிழமை மலம் கொடுத்தால் தாள் நீலமாகிவிடலாம். பச்சை முள்ளங்கியும் அப்படிச் செய்யக்கூடியதுதான். எதிர்த் திசையிலும் தவறு வரும்: வைட்டமின் சி மாத்திரையை அதிக அளவில் எடுப்பவருக்கு உண்மையில் ரத்தம் இருந்தும் தாள் நிறம் மாறாது. இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கும். ஆனால் பொதுவாகச் சோதனையைப் பாசிட்டிவ் ஆக்காது. கறுப்பைப் பார்த்து ரத்தம் என்று பயப்படுகிறவர்களுக்கு இது பயன்படும் தகவல்.

புதிய முறை ஃபிட் எனப்படுவது. மனித ஹீமோகுளோபினை மட்டும் பிடிக்கும் எதிர்ப்பொருளை வைத்துச் செய்வதால் ஆட்டுக்கறி பிரச்சினை இல்லை. ஆனால் இரைப்பையிலோ சிறுகுடலின் மேல்பகுதியிலோ கசியும் ரத்தம் வரும் வழியில் செரித்துவிடுவதால் அதைப் பெரும்பாலும் தவறவிடும். அது பெருங்குடலுக்கான சோதனை. எந்த முறையில் பார்த்தார்கள் என்று ரிப்போர்ட்டில் எழுதியிருந்தால் நல்லது. இல்லாவிட்டால் லேபுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாம்.

எந்த முறையானாலும், மறைந்த ரத்தத்தைத் தேடும் சோதனை முதன்மையாகப் பெருங்குடல் புற்றுநோய்க்காக வளர்ந்தது. குடல் அழற்சி இருக்கிறதா என்ற கேள்விக்கு அது அரைகுறையாகத்தான் பதில் சொல்லும். மூல நோய், ஆசனவாய் வெடிப்பு, மாதவிடாய் ரத்தக் கலப்பு எல்லாமே பாசிட்டிவ் காட்டும். சிறுகுடலில் அழற்சி உள்ள ஒருவருக்கு நெகட்டிவ் வரலாம். கண்ணுக்கே ரத்தம் தெரிகிறது என்றால் மறைந்த ரத்தத்துக்குச் சோதனை செய்வதில் அர்த்தமே இல்லை; ஆனாலும் அந்தச் சீட்டோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள். நம் இளைஞருக்குப் பாசிட்டிவ் என்பது ‘உள்ளே எங்கோ கசிகிறது, ஒதுக்கிவிட வேண்டாம்’ என்ற அளவில் நிற்கிறது. டைக்ளோஃபெனாக்கும் குடலைப் புண்ணாக்கி ரத்தம் கசியவைக்கும் என்பதால், அதை வைத்து மட்டும் டாக்டர் முடிவெடுக்கவில்லை.

மிச்சமிருப்பது 186.

ஓஸ்லோவில் மாக்னே ஃபாகர்ஹோல் குழுவினர் 1980-ல் வெள்ளணுக்களிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். நியூட்ரோஃபில் எனப்படும் வெள்ளணுவின் உட்திரவத்தில் உள்ள புரதத்தில் பாதிக்கும் மேல் இதுவே. கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும், துத்தநாகத்தையும் பிடித்துவைத்துக் கிருமிகளுக்குக் கிடைக்காமல் செய்யும். கால்ப்ரொடெக்டின் என்ற பெயர் பத்தாண்டு கழித்து வந்தது. 1992-ல் நார்வே ஆய்வாளர்கள் அதை மலத்தில் அளக்கும் முறையை வெளியிட்டார்கள். அதன் அடிப்படை எளிமையானது. குடல் சுவரில் அழற்சி இருந்தால் நியூட்ரோஃபில்கள் அங்கே திரண்டு, சுவரைத் தாண்டிக் குடலுக்குள் விழுந்து உடையும். உடைந்ததும் இந்தப் புரதம் மலத்தில் கலக்கும். குடல் பாக்டீரியாக்களால் இதை எளிதில் சிதைக்க முடிவதில்லை. ஒரு கிராம் மலத்தில் எத்தனை மைக்ரோகிராம் இருக்கிறது என்று அளந்தால், குடலுக்குள் எவ்வளவு வெள்ளணுக்கள் வந்து சேர்ந்தன என்பது தெரிந்துவிடும்.

ஏன் வந்து சேர்ந்தன என்பது தெரியாது. கால்ப்ரொடெக்டினின் பலம், பலவீனம் இரண்டும் இதற்குள் அடங்கிவிடுகின்றன.

பலம் என்ன? வயிற்று வலியும் பேதியும் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஐ.பி.எஸ். என்ற எரிச்சல் குடல் கோளாறுதான் இருக்கும். தொந்தரவு நிஜம், ஆனால் குடல் சுவரில் புண் இருக்காது. மிகச் சிலருக்கே கிரோன் நோயோ பெருங்குடல் புண் அழற்சியோ இருக்கும். இரண்டுக்கும் ஆரம்ப அறிகுறிகள் ஏறக்குறைய ஒன்றுபோலிருக்கும். எல்லோரையும் கொலனோஸ்கோப்பிக்கு அனுப்புவது சரியல்ல. யாரையும் அனுப்பாமல் இருப்பதும் சரியல்ல. கால்ப்ரொடெக்டின் 50-க்குக் கீழே வந்தால், அழற்சி நோய்க்கு வாய்ப்பு மிகக் குறைவு என்று சொல்லி அந்த நோயாளியை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பலாம். இந்தப் பயனுக்காகத்தான் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013-ல் இதைப் பரிந்துரைத்தது. 2010-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், பெரியவர்களில் அழற்சி நோய் உள்ளவர்களில் 93 சதவீதத்தினரை இந்தச் சோதனை பிடித்தது; நோய் இல்லாதவர்களில் 96 சதவீதத்தினரைச் சரியாக விலக்கியது. சிறுவர்களிடம் இரண்டாவது எண் 76 ஆகக் குறைந்தது. நாலு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு இயல்பாகவே அளவு அதிகம். பெரியவர்களுக்கான 50 என்ற கோட்டைப் பச்சைக் குழந்தையின் ரிப்போர்ட்டில் வைத்துப் பார்த்துப் பதறுவதில் பொருளில்லை.

பலவீனம், உயர்ந்து வரும்போது வெளிப்படும். பாக்டீரியா பேதி, அமீபா சீதபேதி, வலி மாத்திரைகள், பெருங்குடல் புற்றுநோய், குடல் காசநோய், கிரோன் நோய் எல்லாமே இதை ஏற்றும். இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளும் கொஞ்சம் ஏற்றலாம். எண் எவ்வளவு பெரியதோ அவ்வளவு அழற்சி. 800 வந்தால் தேடாமல் விட முடியாது. ஆனால் 800-லும் நோயின் பெயர் எழுதியிருக்காது.

50-க்கும் 200-க்கும் அல்லது 250-க்கும் நடுவே விழும் எண்கள்தான் உண்மையான தலைவலி. கோடு எங்கே என்பதிலேயே லேபுக்கு லேப் வேறுபாடு உண்டு. அளக்கும் கிட்டும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒரே மலத்தை இரண்டு கிட்களில் அளந்தால் ஒன்று மற்றதைப் போல இரண்டு மடங்குகூடக் காட்டலாம். ஒரே மனிதருக்கே காலை மலத்துக்கும் மாலை மலத்துக்கும் மாறும், நாளுக்கு நாளும் மாறும். காலையில் போகும் முதல் மலத்தைக் கொடுக்கச் சொல்வது இந்த ஏற்றத்தாழ்வைக் குறைக்கத்தான். தண்ணீராகப் போகும் மலத்தில் புரதம் நீர்த்து, எண் உண்மையைவிடக் குறைவாக வருவதும் உண்டு. எனவே போன மாதம் ஒரு லேபில் 140, இந்த மாதம் வேறு லேபில் 190 என்றால் நோய் கூடிவிட்டது என்று சொல்லிவிட முடியாது. மாற்றத்தைப் பார்க்க விரும்பினால் அதே லேபில், அதே முறையில், அதே காலை நேரத்தில் கொடுக்க வேண்டும்.

இளைஞரின் 186 அந்த நடுப்பகுதியில் நிற்கிறது. அதிலும் மூன்று வார டைக்ளோஃபெனாக் பின்னணியில் இருக்கிறது. வலி மாத்திரை குடலின் உட்தோலைப் புண்ணாக்கும், அங்கே வெள்ளணுக்கள் வரும், எண் ஏறும். நோய் இல்லாமலே 186 வந்திருக்க முடியும். டாக்டர் இன்னும் சில கேள்விகள் கேட்டார். எடை குறைந்திருக்கிறதா? இல்லை. பேதிக்காக இரவில் தூக்கத்திலிருந்து எழுந்து போக வேண்டியிருக்கிறதா? இல்லை. காய்ச்சல், கண்ணுக்குத் தெரியும் ரத்தம்? இல்லை. குடும்பத்தில் குடல் நோய்? தெரிந்தவரை இல்லை. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 13.6, குறைவில்லை. இவற்றில் ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்று வந்திருந்தால் 186-ஐ ஒதுக்கிவைத்துவிட்டு நேராகக் கொலனோஸ்கோப்பிக்குத் தேதி குறித்திருப்பார். கால்ப்ரொடெக்டின் இயல்பாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார். ஆபத்து அறிகுறிகளுக்கு முன்னால் மல எண் இரண்டாம் பட்சம்.

ஒன்றும் இல்லாததால் முடிவு இப்படி அமைந்தது: ஆன்டிபயாடிக் கிடையாது. டைக்ளோஃபெனாக்கை நிறுத்தி, இடுப்பு வலிக்குப் பாராசிட்டமால். நாலு வாரம் கழித்து, அதே லேபில், காலை முதல் மலம், கால்ப்ரொடெக்டின் மட்டும். நடுவே ரத்தம், காய்ச்சல், எடைக் குறைவு எது வந்தாலும் காத்திருக்காமல் வர வேண்டும்.

இங்கே கதை இரண்டு பக்கமும் போகக்கூடும். பலருக்கு இந்த இரண்டாவது எண் 40, 60 என்று இறங்கிவிடும். குற்றவாளி மாத்திரைதான் என்று கோப்பை மூடிவிடலாம். நம் மாதிரி நோயாளிக்கு எண் 412 ஆக ஏறியது. எடையும் மூன்று கிலோ குறைந்திருந்தது. வலி மாத்திரையை நிறுத்தியும் ஏறிய எண்ணுக்கு இப்போது சாக்குச் சொல்ல எதுவுமில்லை. கொலனோஸ்கோப்பி செய்தார்கள். பெருங்குடலின் பெரும்பகுதி சுத்தமாக இருந்தது. சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் மட்டும் புண்கள். அங்குள்ள வால்வு உருக்குலைந்து திறந்தபடி நின்றது.

மேலை நாட்டுப் பாடநூலை மட்டும் படித்தவர் இந்தப் படத்தைப் பார்த்தால் கிரோன் நோய் என்று எழுதிவிடக்கூடும். அந்த நோய்க்குப் பிடித்த இடமும் அதுதான். ஆனால் இந்தியாவில் அதே இடத்தை அதே அளவுக்கு விரும்பும் இன்னொரு நோய் இருக்கிறது: குடல் காசநோய். இரண்டிலும் பேதி, வலப்பக்க வலி, எடைக் குறைவு, புண்கள். இரண்டிலும் கால்ப்ரொடெக்டின் உயரும். சாதாரண மலக் கல்ச்சரில் காசநோய்க் கிருமி வளராது, அந்தத் தட்டு அதற்கானது அல்ல. மல ரிப்போர்ட்டின் எந்த வரியைக் கொண்டும் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. பிரித்தே ஆக வேண்டிய கட்டாயமும் இருக்கிறது. கிரோன் நோய்க்கு ஸ்டீராய்டும் நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்துகளும் தருவார்கள். காசநோயாளிக்கு அவற்றைக் கொடுத்தால் கிருமி உடலெங்கும் பரவ வழிவிட்டதாகிவிடும்.

புண்களின் ஓரத்திலிருந்தும் நடுவிலிருந்தும் பல துணுக்குகள் எடுத்துப் பயாப்சிக்கு அனுப்பினார்கள். சிலவற்றைக் காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பெர்ட் சோதனைக்கும் அனுப்பினார்கள். குடல் திசுவில் ஜீன்எக்ஸ்பெர்ட் பாசிட்டிவ் வந்தால் உறுதி. நெகட்டிவ் வந்தால் காசநோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் அங்கே கிருமிகள் எண்ணிக்கையில் குறைவு. இவருக்கு ஜீன்எக்ஸ்பெர்ட் நெகட்டிவ்தான். ஆனால் நுண்ணோக்கியில், நடுவே திசு செத்துப் பாலாடைக்கட்டி போல உதிர்ந்த செல் முடிச்சுகள் தெரிந்தன. கிரோன் நோயில் முடிச்சுகள் வரலாம், ஆனால் நடுப்பகுதி இப்படி அழிவதில்லை. காசநோய் என்று முடிவாகி, தேசியக் காசநோய்த் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆறு மாதக் கூட்டு மருந்து தொடங்கியது.

இதற்கு மேல் கால்ப்ரொடெக்டினுக்கு வேறு வேலை. மருந்து கேட்கிறதா என்பதை வலியில்லாமல் கவனிக்க அது உதவும்; புண் ஆற ஆற எண் இறங்கும். கடைசித் தீர்ப்பு மட்டும் கொலனோஸ்கோப்பியில், புண்கள் உண்மையிலேயே ஆறியதா என்று நேரில் பார்த்த பிறகு. ஆறவில்லையென்றால் முதலில் செய்த முடிவையே மறுபடியும் கேள்விக்குள்ளாக்குவார்கள்.

கிரோன் நோயோ பெருங்குடல் புண் அழற்சியோ என்று உறுதியாகி, ஆண்டுக்கணக்கில் மருந்தில் இருப்பவர்களுக்கும் இதே கண்காணிப்பு உண்டு. அவர்களுக்குப் பொதுவாக 250-க்குக் கீழே, முடிந்தால் 100-க்குப் பக்கத்தில் எண்ணை வைத்திருப்பதைக் குறியாகக் கொள்கிறார்கள். அமைதியாக இருந்த நோயாளிக்குத் திடீரென்று பேதியும் ரத்தமும் வந்து எண்ணும் ஏறினால், நோய்தான் கிளம்பிவிட்டது என்று உடனே ஸ்டீராய்டைக் கூட்டுவது தவறு. முன்பு சொன்ன க்ளாஸ்ட்ரிடியாய்டீஸ் டிஃபிசிலின் நச்சு மலத்தில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அந்தக் கிருமியும் நோய் கிளம்பியது போலவே நடிக்கும், அதற்கான மருந்தோ முற்றிலும் வேறு. இந்த ஓரிடத்தில் மலத்தில் கிருமி தேடுவது உயிர் காக்கும் சோதனை. ஆனால் சாதாரணக் கல்ச்சரில் அது வராது. பெயர் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும்.

மல ரிப்போர்ட்டோடு டாக்டரிடம் போகிறவர்கள் அந்த ஒரு தாளை மட்டும் எடுத்துப் போக வேண்டாம். மலம் கொடுத்த நாளுக்கு முந்தைய ஒரு மாதத்தில் விழுங்கிய வலி மாத்திரைகள், ஆன்டிபயாடிக்குகள், வயிற்றெரிச்சல் மாத்திரைகள், வைட்டமின்கள் ஆகியவற்றின் அட்டைகளையும், பழைய கால்ப்ரொடெக்டின் ரிப்போர்ட் இருந்தால் அதையும், எந்த லேப் என்ற விவரத்தோடு கொண்டுபோக வேண்டும். மலம் எப்போது எடுத்தது, எப்போது லேபில் கொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். ரிப்போர்ட்டில் ‘ஈ.கோலை’ என்ற வரியைப் பார்த்து, அதற்குக் கீழே உள்ள பட்டியலோடு மெடிக்கல் ஷாப்புக்குப் போகக் கூடாது.